கார்டு மெஷின் திரையை உத்துப் பார்த்து என்ன ஆகப்போகுது?

கடுகு: கடைக்காரர் மெஷினை நம்ம பக்கம் திருப்புறது சும்மா மரியாதைக்கு. எவ்வளவு போச்சுன்னு எஸ்.எம்.எஸ். வந்துடுது. அதுக்கு முன்னாடி திரையை முறைச்சுப் பார்க்கிறவன் கஞ்சன்.

கல்லாப்பெட்டி: கஞ்சனா? பதினோரு வருஷமா மளிகைக் கடை கல்லாவில உட்கார்ந்திருக்கேன். எஸ்.எம்.எஸ். வர்றது காசு போன பிறகு. எங்க மெஷின்ல கடைசி ரெண்டு எண்ணும் பைசா. 450 ரூபாய்க்கு 45000னு அடிக்கணும். அவசரத்துல கை ஒரு பூஜ்யம் கூடுதலா அழுத்தினா திரையில 4500.00. நம்ம நாட்டுல 5000 ரூபாய் வரைக்கும் கார்டை மெஷின் மேல காட்டி டேப் பண்ணினா பின் நம்பர் கேட்காது. ஒரு பீப், முடிஞ்சது கதை.

கடுகு: பூஜ்யம் எண்ணத் தெரியாத ஆளைக் கல்லாவில உட்கார வெச்சது யார் தப்பு?

கல்லாப்பெட்டி: அந்த ஆளே நான்தான். தீபாவளிக்கு முந்தின நாள், கூட்டம். 4500.00 பார்த்துட்டு ஒரு அம்மா கார்டைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க: "தம்பி, கடையை எனக்கு எழுதிக் கொடுக்கிறியா?" கேன்சல் அழுத்தி மறுபடி அடிச்சேன். டேப் ஆகியிருந்தா அன்னைக்கே வாய்டு போட்டு ரத்து பண்ணணும். ராத்திரி அன்னைய கணக்கை பேங்குக்கு அனுப்பி செட்டில்மென்ட் முடிஞ்சா ரீஃபண்டுதான், அது வந்து சேர நாள் கணக்காகும்.

மழைக்குருவி: எனக்கும் இதே மாதிரி! ஆட்டோவில க்யூஆர் ஸ்கேன் பண்ணி 80க்கு 800 அனுப்பிட்டேன்.

கல்லாப்பெட்டி: அம்மா, அது நீங்களே அடிச்ச தொகை. இங்க அடிக்கிறது நான்.

பழைய சர்வீஸ்காரன்: ஒண்ணு சேர்த்துக்கிறேன். மெஷின் அனுப்புற தொகையையும் சேர்த்துத்தான் கார்டு சிப்பு கையெழுத்து மாதிரி ஒரு கணக்குப் போட்டு பேங்குக்கு அனுப்புது. நடுவழியில தொகையை மாத்தினா அந்தக் கணக்கு ஒத்துப்போகாது. ஆனா கார்டுக்குக் கண் கிடையாது. 4500 கொடுத்தா 4500க்குத்தான் போடும். அதைப் பார்க்க நமக்கு இருக்கிறது அந்தத் திரை ஒண்ணுதான்.

கடுகு: மெஷினையே தில்லுமுல்லு பண்ணி, திரையில 450 காட்டி உள்ளே 4500 அனுப்பினா? அப்போ திரை என்ன கிழிக்கும்?

பழைய சர்வீஸ்காரன்: அதைத் திரை தடுக்காது, உண்மைதான். மெஷினைத் திறந்தா பூட்டிக்கிற மாதிரி செய்யறதே அதுக்குத்தான். ஆனா நான் பார்த்த புகார்ல பெரும்பாலும் கை தவறினதுதான்.

கடுகு: ஆக, திரையை நம்ப முடியாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

கல்லாப்பெட்டி: அவர் சொன்னது அதுவா? 4500.00, ஐயா, 4500.00! போன மாசம் இன்வெர்ட்டர் பேச்சுலயும் இப்படித்தான் பாதி வரியைப் பிடிச்சுத் தொங்கினீங்க.

கடுகு: இன்வெர்ட்டர்ல நான் சொன்னதுதான் சரி. பேட்டரி போச்சா இல்லையா?

மழைக்குருவி: பேட்டரி இருக்கட்டும், என் 720 ரூபாயை யார்கிட்ட கேட்கிறது?

கல்லாப்பெட்டி: முதல்ல அந்த ஆட்டோக்காரர் நம்பர் இருக்கான்னு பாருங்க. கடுகு சார், எங்க கடைக்கு வாங்க. மெஷினை என் பக்கமே திருப்பி வெச்சு டேப் வாங்கிக்கிறேன், வர்றீங்களா?