கலைச்சொல் தேவை: வங்கியின் பதில் கடிதத்தில் வருகிற அந்த வருத்த வசனத்துக்கு என்ன பெயர்?

மதி (யாழ்ப்பாணம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வங்கியில் முறைப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பதில் கடிதங்களுக்குத் தமிழில் ஒரு மாதிரிப் படிவம் தயாரிக்கிறோம். முறைப்பாடு செய்தவரின் கஷ்டம் எங்களுக்கு விளங்குகிறது என்று சொல்லவேண்டும், ஆனால் சட்டப்படி பிழை எங்களுடையது என்று ஒத்துக்கொண்டதாக அது ஆகிவிடக் கூடாது. அந்த வசனத்துக்கு ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு 'பொறுப்பேலாப் பரிவுரை' என்று போட்டிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கடிதம். ஓய்வூதியக்காரர் ஒருவர் வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் எங்கள் கார்டைப் போட்டு 20,000 ரூபா எடுக்கப் போயிருக்கிறார். காசு வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. மருந்து வாங்க வைத்திருந்த காசு. நாங்கள் எழுதிய முதல் வரைவு இது:

"எமது இணைப்பில் ஏற்பட்ட கோளாறினால் தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்திற்கு மன்னிப்புக் கோருகிறோம். எனினும் இது தொடர்பில் வங்கி எவ்விதப் பொறுப்பையும் ஏற்காது."

வாசிக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. பெயரையும் பாருங்கள், வசனத்தையும் பாருங்கள்.

ரவி (கொழும்பு) எழுதியது:

மதி அக்கா, இது பெரிய விஷயமில்லை. கடிதத்தின் தலையில் 'பாரபட்சமின்றி' என்று ஒரு சொல் போட்டால் உள்ளே எதை எழுதினாலும் கோட்டில் காட்ட முடியாது. எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் போடுவோம். மன்னிப்பு, வருத்தம் இரண்டையும் தூக்கிவிடுங்கள். அப்புறம், 'பரிவுரை' அவசரத்தில் 'பரிந்துரை' என்று தட்டச்சாகிவிடும்.

கமலா ரீச்சர் (கொக்குவில்) எழுதியது:

பிள்ளை மதி, எனக்கும் போன மாதம் இதே மாதிரி நடந்தது. வேறு வங்கி. அவர்கள் அனுப்பிய கடிதத்தில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று இருந்தது. உதயன் பேப்பரில் கடைசிப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. காசு இன்னும் வரவில்லை. யாரிடம் எழுதவேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

'வருத்தம்' என்பதும் எங்கடை பக்கத்தில் நோய்க்குச் சொல்கிற சொல். 'உங்கள் வருத்தம் எங்களுக்கு விளங்குகிறது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சட்டத்தரணி ஐயா (நல்லூர்) எழுதியது:

ரீச்சர், முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பதில் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம், 1935க்கு அழைக்கலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம்.

ரவி தம்பிக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. வாடிக்கையாளர் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டப்போகிற கடிதம் இது. அதன் தலையில் 'இதைச் சாட்சியமாகக் காட்டக்கூடாது' என்று எழுதினால், வங்கி பதிலே தரவில்லை என்று சொல்ல இடம் கொடுத்த மாதிரி. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அது சமரசம் பேசும் கடிதத்துக்குப் பொருந்துகிற ஏற்பாடு. இவ்வளவு தருகிறோம், இத்தோடு முடித்துக்கொள்வோம் என்று எழுதும்போது அதைத் தனிக் கடிதமாக எழுதிப் போடலாம். அங்கேயும் 'பாரபட்சமின்றி' பிழை. அது பக்கம் சாயாமல் என்று பொருள்படும். 'உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்பதுதான் சரி.

இனி மதியின் வரைவு. ஆபத்து 'மன்னிப்பு' என்ற சொல்லில் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்ப்பது 'கோளாறினால்' என்பதில் இருக்கிற 'ஆல்' உருபை. யாரால், எதனால் என்பதை அது முடிவுகட்டிவிடுகிறது. அந்த மெசின் நோட்டை எண்ணி உள்ளே சிக்கவைத்திருக்கலாம், வெளியே நீட்டி எடுக்க ஆளில்லாமல் திரும்ப இழுத்திருக்கலாம், நடுவில் இணைப்பு அறுந்திருக்கலாம். மெசினின் பதிவையும், பெட்டியில் காசு கூடுதலாக இருக்கிறதா என்பதையும் அதற்குரிய வங்கி பார்த்துச் சொல்லும்வரை உங்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை முதல் வசனத்தில் ஒத்துக்கொள்கிறீர்கள், தெரியாத அதையே அடுத்த வசனத்தில் மறுக்கிறீர்கள். 'எனினும்' வந்தவுடன் மன்னிப்பும் செத்துப்போகிறது.

நான் என்றால் இப்படி எழுதுவேன்:

"3ஆம் திகதி மருந்து வாங்குவதற்காக 20,000 ரூபா எடுக்க முயன்றபோது பணம் வெளியே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கணக்கில் அந்தத் தொகை கழிந்திருப்பதை எமது பதிவில் பார்த்தோம். மருந்துக்கென வைத்திருந்த பணம் கைக்கு வராதது உங்களுக்குப் பெரும் நெருக்கடியாக இருந்திருக்கும். அந்த நிலை உங்களுக்கு ஏற்பட்டதையிட்டு வருந்துகிறோம். இயந்திரத்துக்குரிய வங்கியிடம் அதன் பதிவையும் அன்றைய காசு இருப்பையும் கேட்டிருக்கிறோம். அவர்களின் பதில் வந்தாலும் வராவிட்டாலும் 12ஆம் திகதிக்குள் உங்களுக்கு அறிவிப்போம்."

'உங்களுக்கு ஏற்பட்டதையிட்டு' என்பதில் எதனால் ஏற்பட்டது என்பது இல்லை. ஆனால் மருந்து இருக்கிறது, தொகை இருக்கிறது. கடிதத்தை ஆள் வாசித்துத்தான் எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ரவி எழுதியது:

ஐயா, அப்படியென்றால் 'கழிந்திருப்பதாகத் தாங்கள் கூறும் தொகை' என்று எழுதினால் இன்னும் பாதுகாப்பில்லையா?

சட்டத்தரணி ஐயா எழுதியது:

வேண்டாம். பணம் வரவில்லை என்பது அவர் சொல்வது. அதை 'என்று எழுதியிருந்தீர்கள்' என்று வைத்தால் போதும். கணக்கில் கழிந்தது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்கும் 'கூறும்' போட்டால் கிழவனைப் பொய்யன் என்று சொல்வதாகத்தான் வாசிக்கப்படும். பாதுகாப்பும் ஒரு சதத்துக்குக்கூட அதிகமாகப் போவதில்லை.

பெயர் விஷயம்: 'பொறுப்பேலா' வேண்டாம். மாதிரிப் படிவத்தின் தலைப்பை அழிக்க மறந்து யாரோ ஒருநாள் அப்படியே அச்சடித்து அனுப்பத்தான் போகிறார்கள். மற்றது, பொறுப்பு ஏற்காமல் இருப்பது அந்த வசனத்தின் குணமில்லை. காரணம் சொல்கிற வசனத்தை அதிலிருந்து பிரித்து வைப்பதால் வருவது. ஆகவே இரண்டு பெயர் வேண்டும்: பரிவு வரி, காரண வரி.

கமலா ரீச்சர் எழுதியது:

வங்கிக் கடிதத்தில் 'பரிவு வரி' என்று கண்டால் அதையும் கணக்கில் கழித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைப்பேன். 'கூற்று' என்று வையுங்களேன். பரிவுக்கூற்று, காரணக்கூற்று.

1935 பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா.

மதி எழுதியது:

ரீச்சர் சொன்னது பிடித்திருக்கிறது. 'பரிந்துரை' குழப்பமும் வராது. ஒரு சந்தேகம் மட்டும். காசு பெட்டியில் கூடுதலாக இருந்தது என்று பதில் வந்து, பிழை எங்கள் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால்? அப்போதும் பரிவுக்கூற்றோடு நிறுத்தலாமா? மேலிடம் அப்படித்தான் விரும்பும்.

சட்டத்தரணி ஐயா எழுதியது:

நிறுத்தக்கூடாது. தெரிந்த பிறகு காரணக்கூற்றை எழுதி, காசை வரவு வைத்த திகதியைச் சொல்லி, மன்னிப்பும் கேட்கவேண்டும். தெரிந்ததை மறைத்த கடிதம் பிறகு வெளியே வந்தால் 20,000 ரூபாவோடு போகாது.

ரவி எழுதியது:

'பங்கமின்றி' சரி, மாற்றிக்கொள்கிறேன். ஆனால் 'பரிவு' எனக்கு இன்னும் மேலேயிருந்து கீழே பார்க்கிற மாதிரித்தான் படுகிறது. 'ஒத்துணர்வு' ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை?

மதி எழுதியது:

யோசித்தேன் தம்பி. கவுண்டரில் இருக்கிற பிள்ளைகளிடம் காட்டினேன், 'ஒத்துக்கொள்கிற உணர்வா?' என்று கேட்டார்கள். அதுதான் விட்டுவிட்டேன். பரிவுக்கூற்று, காரணக்கூற்று இரண்டையும் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். வேறு யாருக்காவது சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள்.