கல் மின்னினால் வளையம் கோணலாகத் தெரிகிறது, வளையம் சரியானால் கல் மங்குகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி
பட்டை தீட்டிய வெள்ளைக் கல் மோதிரத்தைச் சாய்த்து வைத்து, கல் கேமராவைப் பார்க்கும்படி, கைபேசியின் மேக்ரோ முறையில் ஏறத்தாழ 3 செ.மீ. நெருக்கத்தில் படமெடுக்கிறேன். பட்டைகள் தெளிவாக விழுகின்றன. ஆனால் வளையம் முன்புறம் பெருத்து, பின்புறம் சிறுத்து முட்டை வடிவமாகிவிடுகிறது. வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் வைத்தாலோ உலோகம் அழகாக வருகிறது, கல் உயிரற்றுப் போகிறது. இரண்டையும் ஒரே படத்தில் பெற வழியுண்டா?

பதில் 1
இது லென்ஸின் வளைவுக் கோளாறு. படத்திருத்தச் செயலியில் லென்ஸ் திருத்தத்தைப் போட்டால் சரியாகிவிடும்.

பதில் 2
அந்தத் திருத்தம் ஓரங்களில் வளையும் கோடுகளை நிமிர்த்தும். இங்குள்ள சிக்கல் தொலைவால் வருவது. வளையத்தின் குறுக்களவு 2 செ.மீ. என்றால், அதன் முன்பகுதி 3 செ.மீ. தொலைவிலும் பின்பகுதி 5 செ.மீ. தொலைவிலும் இருக்கின்றன, ஆகவே முன்பகுதி ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாக விழுகிறது. 30 செ.மீ. விலகினால் 30-க்கு 32 என்றாகி, வேறுபாடு ஏறத்தாழ 7 விழுக்காடாகக் குறைந்துவிடும். மேக்ரோ முறையை அணைத்து, விலகி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். நுணுக்கம் சற்றுக் குறையும், வடிவம் நிலைக்கும்.

கல் மங்குவதற்குக் காரணம் கூடாரம். எல்லாத் திசையும் வெண்மையாக இருந்தால் ஒவ்வொரு பட்டையும் வெண்மையையே திருப்பித் தருகிறது. பக்கத்தில் இருண்ட பட்டை இருந்தால்தான் மின்னும் பட்டை மின்னலாகத் தெரியும். எனவே கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஒரே வெளிச்ச அளவில் இரண்டு படங்கள் எடுங்கள்: முதலாவது கூடார வெளிச்சத்தில், வளையத்துக்காக, இரண்டாவது கூடாரத்தை எடுத்துவிட்டு, ஒரே ஒரு சிறிய எல்இடி விளக்கில், லென்ஸைச் சுற்றிக் கறுப்பு அட்டை வைத்து, கல்லுக்காக. பிறகு இரண்டாவதிலிருந்து கல்லை மட்டும் முதலாவதின் மேல் பொருத்துங்கள். இடையில் கேமரா சிறிது நகர்ந்தாலும் கல்லைச் சுற்றியுள்ள விளிம்பு இரட்டையாகத் தெரியும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பதில் 3
என் மோதிரமும் இப்படித்தான் கோணியிருந்தது. பொற்கொல்லரிடம் கொடுத்து கூம்பு வடிவ அளவுக்கோலில் ஏற்றித் தட்டி வட்டமாக்கினேன். நீங்களும் கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்
வெர்னியரில் நான்கு திசைகளிலும் அளந்தேன், ஒரே அளவுதான், மோதிரம் கோணவில்லை. விலகி நின்று எடுத்ததில் வளையம் சரியாக வந்துவிட்டது, கல்லும் மின்னுகிறது. ஆனால் எல்இடி படத்தில் மேசைமேல் கல் சிதறிய ஒளிக்கோலம் சேர்த்த படத்தில் இல்லை.

பதில் 2
கல்லை மட்டும் எடுத்துப் பொருத்தியதால் கோலம் விடுபட்டது. மேசையின் அந்தப் பகுதியையும் சேருங்கள். ஆனால் வளையத்தின் கடினமான நிழலும் அதனுடன் வந்து, கூடாரத்தின் மென்மையான நிழலோடு மோதும். விளக்கைப் பின்பக்கவாட்டுக்கு நகர்த்தினால் நிழல் ஒருபுறமும் கோலம் வேறுபுறமும் விழக்கூடும், உங்கள் கல்லின் வெட்டைப் பொறுத்தது. விளக்கை எங்கு வைத்தீர்கள் என்று படத்துடன் சொல்லுங்கள், பார்க்கிறேன்.