கலைச்சொல் தேவை: மின்னஞ்சல் செயலியில் வரும் புஷ், ஃபெட்ச், ஐடில்

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு திறமூல மின்னஞ்சல் செயலியின் (ஆண்ட்ராய்டு) தமிழ் வரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். அமைப்புகள் பக்கத்தில் மூன்று வரிகள் உறுத்துகின்றன. `Push` என்பதற்கு "தள்ளு" என்று இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளிக்கு "பெறும் அதிர்வெண்" என்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவதுதான் மோசம். `Refresh IDLE connection` என்பது "செயலற்ற இணைப்பைப் புதுப்பி" என்று ஆகியிருக்கிறது.

"செயலற்ற இணைப்பு" என்றதும் செத்துக் கிடக்கும் இணைப்பு என்று நினைத்துக்கொண்ட என் தம்பி, அடிக்கடி உயிரூட்டினால் நல்லதுதானே என்று 24 நிமிடம் என்று இருந்ததை 2 நிமிடமாக மாற்றிவிட்டான். அன்று மாலைக்குள் போன் படுத்துவிட்டது. சொல் தவறினால் பேட்டரி போகும் இடம் இது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சண்முகநாதன் எழுதியது:

கயல்விழி அம்மாவுக்கு,

"தள்ளு" ஏவல் வினை, கதவில் எழுத வேண்டியது. அமைப்பின் பெயராக வர "உந்தல்" என்பதே பொருத்தம். `Fetch` என்பதற்குக் "கொணர்தல்". தபால்காரர் வீடு தேடி வந்து கொடுத்தால் உந்தல், நாமே தபால் ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துவந்தால் கொணர்தல். இரண்டும் வினையடியிலிருந்து இயல்பாகப் பிறக்கும் தொழிற்பெயர்கள். தொகையாக்கவும் எளிது: உந்தல் அறிவிப்பு, கொணர்வு இடைவெளி.

பேட்டரி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே. உந்தலை அணைத்துவிட்டு மணிக்கு ஒருமுறை கொணரும்படி வைத்தால் போதும். உந்தல் எப்போதும் பேட்டரியைத் தின்னும்.

இளங்கோ எழுதியது:

ஐயா, சொற்கள் அழகாக இருக்கின்றன. "எப்போதும் தின்னும்" என்பதில்தான் உடன்பட முடியவில்லை. கயல்விழியின் மூன்றாவது வரிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

செயலி வழங்கியோடு பேசும் நெறிமுறையான ஐமேப்பில் உண்மையில் யாரும் உந்துவதில்லை. 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2177 என்ற இணைய நெறிமுறை ஆவணம்தான் IDLE என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. போன் வழங்கியோடு இணைந்து, இன்பாக்ஸைத் திறந்து, "புதிதாக ஏதாவது வந்தால் சொல்" என்று IDLE அனுப்பிவிட்டு அந்த இணைப்பை மூடாமல் வைத்திருக்கும். உங்கள் உவமையிலேயே சொன்னால், தபால்காரர் வருவதில்லை. நாம்தான் தபால் ஆபீஸ் ஜன்னலிலேயே நிற்கிறோம். சும்மா நிற்பதற்குச் செலவு அநேகமாக இல்லை. நடுநடுவே "இருக்கிறீர்களா?" "இருக்கிறேன்" என்று பேசிக்கொள்வதுதான் செலவு.

காரணம் போனின் ரேடியோ. மொபைல் டேட்டாவில் நாலு எழுத்து வந்தாலும் ரேடியோ விழிக்கும். வேலை நொடிக்குள் முடிந்தாலும் உடனே தூங்காது, அடுத்து ஏதும் வருமா என்று சில நொடிகள், பல நேரம் பத்து நொடி வரைகூட, விழித்தே இருக்கும். அதனால் எத்தனை பைட் என்பதைவிட எத்தனை முறை எழுப்பினோம் என்பதே கணக்கு. வைஃபையில் இந்தச் செலவு மிகக் குறைவு.

நான் பார்த்துக்கொள்ளும் வழங்கியில் டவ்காட் என்ற ஐமேப் மென்பொருள் ஓடுகிறது. அதன் இயல்பான அமைப்பில், IDLE-இல் இருப்பவர்களுக்கு 2 நிமிடத்துக்கு ஒருமுறை `* OK Still here` என்று ஒரு வரி போகும். ஒரு அஞ்சலும் வராத நாளிலும் அது 720 முறை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கொணர்ந்தால் 96 முறைதான். இந்த வழங்கியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஐயா சொன்னது சரி. ஆனால் டவ்காட் அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் கணக்கே திரும்பிவிடும்:

```
protocol imap {
  imap_idle_notify_interval = 29 mins
}
```

இப்போது வழங்கி வாய் திறக்குமுன்பே, செயலி தன் 24 நிமிடக் கணக்கில் IDLE-ஐ முடித்துப் புதிதாகத் தொடங்கிவிடும். நாளுக்கு 60 முறை. கொணர்தலைவிடக் குறைவு, அஞ்சலும் உடனுக்குடன் வரும். போதாததற்கு, ஒவ்வொரு கொணர்தலிலும் இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கல், உள்நுழைவு எல்லாம் முதலிலிருந்து நடக்கும். காத்திருப்பில் அது இல்லை.

29 என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. வழங்கி 30 நிமிடம் சத்தமில்லாத இணைப்பைத் துண்டிக்கலாம், ஆகவே 29 நிமிடத்துக்குள் ஒருமுறை புதுப்பித்துக்கொள் என்று ஆர்எஃப்சியே சொல்கிறது. தம்பி 2 என்று வைத்தபோது என்ன நடந்தது என்பதும் இப்போது புரியும். வழங்கி செய்த தொல்லையைப் போனே தனக்குச் செய்துகொண்டது.

ஆக என் பரிந்துரை: "செயலற்ற" வேண்டவே வேண்டாம். "காத்திருப்பு இணைப்பு" என்போம்.

ஃபாத்திமா எழுதியது:

என் ஐபோனில் ஜிமெயில் கணக்குக்கு உந்தல் என்ற தெரிவே இல்லை. Fetch, Manual இரண்டு மட்டும் காட்டுகிறது. ஆபீஸ் கணக்குக்கு மட்டும் மூன்றும் இருக்கின்றன. தமிழாக்கத்தில் விட்டுப்போயிற்றா? இன்னொன்று, இரவில் அஞ்சல் சத்தம் கேட்டுக் குழந்தை எழுந்துவிடுகிறாள். சத்தத்தை எடுத்துவிட்டால் பேட்டரியும் மிச்சமாகுமா?

இளங்கோ எழுதியது:

அக்கா, தமிழாக்கத்தின் மேல் குற்றமில்லை. ஆப்பிளின் மெயில் செயலி ஐமேப் காத்திருப்பைப் பயன்படுத்துவதில்லை. ஆபீஸ் கணக்கு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சாக இருக்கும், அதனால் அதற்கு உண்டு. ஜிமெயிலுக்கும் எக்ஸ்சேஞ்ச் வழி ஒன்று இருந்தது, இலவசக் கணக்குகளைப் புதிதாகச் சேர்ப்பதை 2013 ஜனவரியோடு கூகுள் நிறுத்திவிட்டது. ஜிமெயிலின் சொந்தச் செயலியைப் போட்டால் உடனுக்குடன் வரும். அது ஆப்பிளின் பொது அறிவிப்பு இணைப்பு வழியாக வருவது. போனில் எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து அந்த ஒரே இணைப்புதான், ஆகவே இன்னொரு செயலி சேர்ந்தாலும் கூடுதல் காத்திருப்பு கிடையாது. ஆண்ட்ராய்டிலும் ஜிமெயில் இப்படித்தான். நான் மேலே போட்ட கணக்கு அங்கே பொருந்தாது.

மெயில் செயலியிலேயே இருப்பதானால், கொணர்தல் இடைவெளியில் Automatically என்று ஒன்று இருக்கும். சார்ஜில் போட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டும் பின்னணியில் கொணரும். பேட்டரிக்கு மிக இதமான தெரிவு, ஆனால் வெளியில் இருக்கும்போது அறிவிப்பை நம்பக் கூடாது.

சத்தத்தை எடுத்தால் குழந்தை தூங்கும், பேட்டரிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ரேடியோ ஏற்கெனவே விழித்து அஞ்சலை வாங்கிய பிறகுதானே சத்தம்? அதைவிட, ஒவ்வொரு அறிவிப்புக்கும் திரை ஒளிர்வதுதான் அதிகம் தின்னும். ஆண்ட்ராய்டில் அந்தக் கணக்கின் அறிவிப்பை Silent ஆக்கினால் சத்தம், அதிர்வு, திரை ஒளிர்வு மூன்றும் பெரும்பாலும் நின்றுவிடும். அறிவிப்பு பட்டியலில் மட்டும் இருக்கும். ஐபோனில் தூங்கும் நேரத்துக்கு ஃபோகஸ் போட்டுவிடுங்கள்.

கயல்விழி எழுதியது:

அந்த Silent பற்றி மொழிபெயர்ப்பாளராக ஒரு கேள்வி, இளங்கோ. எங்கள் செயலிக்குள்ளும் ஒலி அமைப்பு இருக்கிறது, ஆண்ட்ராய்டு அமைப்புகளிலும் இருக்கிறது. செயலிக்குள் மாற்றினால் சில நேரம் ஒன்றும் நடப்பதில்லை என்று புகார் வருகிறது. உதவிக் குறிப்பில் என்ன எழுதுவது?

இளங்கோ எழுதியது:

ஆண்ட்ராய்டு 8-இலிருந்து ஒலி எல்லாம் notification channel கையில். ஒரு கணக்குக்கு அது உருவான பிறகு அதன் ஒலியைச் செயலி மாற்ற முடியாது, பயனர்தான் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் மாற்ற வேண்டும். channel-க்கு "அலைவரிசை" என்று எங்கோ பார்த்தேன், டிவி மாதிரி இருக்கிறது. "அறிவிப்பு வகை" என்று எளிமையாகச் சொன்னாலே மக்களுக்குப் புரியும்.

பிரதீபன் (யாழ்ப்பாணம்) எழுதியது:

இளங்கோ அண்ணை சொன்னதை எங்கட அலுவலக வழங்கியில் சோதித்துப் பார்த்தேன். கணினியில் இருந்தே பார்க்கலாம், போன் தேவையில்லை. முகவரிக்குப் பதில் உங்கள் வழங்கியின் பெயரைப் போடுங்கள்:

```
openssl s_client -crlf -connect mail.example.org:993
a1 LOGIN பயனர் கடவுச்சொல்
a2 SELECT INBOX
a3 IDLE
```

`+ idling` என்று பதில் வந்த பிறகு ஒன்றும் தட்டாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். இரண்டு நிமிடத்தில் `* OK Still here` வந்துவிட்டது. முடிக்க `DONE`. வழங்கி நிர்வாகியிடம் சொல்லி 29 ஆக்கினோம்.

வீட்டு வைஃபையில் நல்ல மாற்றம். பேட்டரிப் பட்டியலில் முதல் மூன்றுக்குள் இருந்த செயலி கீழே போய்விட்டது. ஆனால் மொபைல் டேட்டாவில் புதுத் தலைவலி. அஞ்சல்கள் வராமல் இருந்து, பிறகு மூன்று நான்காகச் சேர்ந்து வருகின்றன. அனுப்பிய நேரம் ஒவ்வொன்றுக்கும் வேறு, அறிவிப்பு வந்த நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்று.

இளங்கோ எழுதியது:

அந்த அடையாளம் போதும், பிரதீபன். நடுவில் இருக்கும் தொலைபேசி நிறுவனத்தின் முகவரி மாற்றும் நாட் கருவி, கொஞ்ச நேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறது. இரு பக்கமும் சொல்வதில்லை. போன் இன்னும் காத்திருப்பதாகவே நினைக்கும், அடுத்த புதுப்பித்தலில்தான் உண்மை தெரிந்து எல்லாம் மொத்தமாகக் கொட்டும். வழங்கியின் 29-ஐத் தொடாதீர்கள். செயலியின் புதுப்பித்தலை மட்டும் 24-இலிருந்து 12-க்கு இறக்கிப் பாருங்கள். நாளுக்கு 120 முறை, பழைய 720-க்கு எவ்வளவோ மேல். அப்படியும் தாமதமானால் 6.

இன்னொன்று. IDLE திறந்திருக்கும் ஒரு கோப்புறையை மட்டுமே கவனிக்கும். ஐந்து கோப்புறைக்கு உந்தல் போட்டால் ஐந்து இணைப்பு. இன்பாக்ஸ் மட்டும் போதும். குழு அஞ்சல்களை வழங்கியிலேயே வேறு கோப்புறைக்கு ஒதுக்கிவிட்டால் அவை போனை எழுப்பவே மாட்டா. வழங்கியின் சீவ் வடிகட்டியில் இப்படி எழுதலாம்:

```
require ["fileinto"];
if exists "List-Id" {
  fileinto "Lists";
}
```

(Lists கோப்புறையை முதலில் உருவாக்கி வையுங்கள்.)

சண்முகநாதன் எழுதியது:

இளங்கோ தம்பி விளக்கியபின் பேட்டரி பற்றிய என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். "காத்திருப்பு இணைப்பு" நல்ல சொல். ஆனால் `Push` என்ற வரிக்கே "காத்திருப்பு" என்று வைக்க ஒப்பேன். பயனர் கண்ணுக்கு அஞ்சல் தானாக வந்து சேர்கிறது. உள்ளே எந்தக் கட்டளை ஓடுகிறது என்று அவர் ஏன் பார்க்க வேண்டும்? எக்ஸ்சேஞ்சுக்கும் ஜிமெயிலுக்கும் ஒரே சொல் வேண்டுமானால் உந்தல்தான்.

பிரதீபன் எழுதியது:

12 வைத்து இருக்கிறேன், சேர்ந்து வருவது பெரும்பாலும் நின்றுவிட்டது. சொல்லைப் பொறுத்தவரை எனக்கு "உடனடி" என்பது பிடிக்கிறது. உடனடி / இடைவெளி விட்டு / நான் கேட்கும்போது. என் அம்மாவுக்கும் விளங்கும்.

கயல்விழி எழுதியது:

"காத்திருப்பு இணைப்பைப் புதுப்பிக்கும் இடைவெளி" என்பதை ஏற்றிவிட்டேன். கீழே, "குறைத்தால் பேட்டரி அதிகம் செலவாகும், அஞ்சல்கள் தாமதமாகச் சேர்ந்து வந்தால் மட்டும் குறைக்கவும்" என்று ஒரு வரி உதவிக் குறிப்பும் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். "பெறும் அதிர்வெண்" போய் "சரிபார்க்கும் இடைவெளி" ஆகிறது. கொணர்தலை விட்டதற்குச் சண்முகநாதன் ஐயா மன்னிக்க வேண்டும், அந்த வரியில் கொண்டுவருவதைவிட வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் நடக்கிறது.

உந்தலா, உடனடியா என்பது மட்டும் நிற்கிறது. "உடனடி" என்று எழுதிவிட்டு பிரதீபனுக்கு ஆனதுபோல் தாமதமாகச் சேர்ந்து வந்தால் திட்டு எனக்குத்தான் விழும். இந்த வாரம் முடியும்வரை அந்த வரியைத் திறந்தே வைக்கிறேன்.