கலைச்சொல் விவாதம்: ‘தன்னிடச் சுழற்றல்’ பொருந்துமா?

க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அணியின் உறுப்புகளை, வேறோர் அணியின் துணையின்றி அதே நினைவகத்துக்குள் சுழற்றும் முறைக்கு ‘தன்னிடச் சுழற்றல்’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். முதல் k உறுப்புகளையும் எஞ்சியவற்றையும் தனித்தனியே புரட்டிவிட்டு, இறுதியில் முழு அணியையும் புரட்டினால் அணி இடப்பக்கம் k இடங்கள் சுழன்றுவிடும்.

```
reverse(a, 0, k-1)
reverse(a, k, n-1)
reverse(a, 0, n-1)
```

கிழமைகளை ‘ஞா தி செ பு வி வெ ச’ என அடுக்கி, k = 3 என்று கொள்வோம். முதற்புரட்டில் ‘செ தி ஞா பு வி வெ ச’ என்றும், இரண்டாவதில் ‘செ தி ஞா ச வெ வி பு’ என்றும் மாறி, மூன்றாவதில் ‘பு வி வெ ச ஞா தி செ’ என்று புதனில் தொடங்கும் வாரம் கிடைக்கிறது. ஒவ்வொரு பகுதியும் இருமுறை புரள்வதால் அதன் உள்வரிசை பழையபடியே மீள்கிறது. பகுதிகள் இரண்டும் மட்டுமே இடம் மாறுகின்றன.

செ. எழுதியது:

வணக்கம் ஐயா. பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் அணி என்பது நிரைகளும் நிரல்களும் கொண்டது. அதை 90 பாகை திருப்புவதற்கு மூன்று புரட்டல்கள் எதற்கு? நிரைகளை நிரல்களாக மாற்றி, பிறகு ஒவ்வொரு நிரையையும் புரட்டினால் போதுமே.

க. எழுதியது:

நீங்கள் சொல்வது சரிதான் அம்மா, ஆனால் அது வேறு கணக்கு. இங்கே பேசுவது ஒற்றை வரிசை அணியைப் பற்றி. கணிதப் பாடமும் கணினிப் பாடமும் ‘அணி’யை இரு பொருளில் ஆள்வதால் இக்குழப்பம் நேர்கிறது. ‘வட்டப் பெயர்ச்சி’ என்றால் இது நீங்கும் என்று தோன்றுகிறது.

ம. எழுதியது:

பைத்தானில் ஒரே வரியில் இது முடிந்துவிடுகிறது.

```
a[:] = a[k:] + a[:k]
```

முன்பும் பின்பும் `id(a)` மாறாததால் இதுவும் தன்னிடச் சுழற்றலே; மூன்று புரட்டல்களைத் தனியே பிரித்துப் பேசத் தேவையில்லை.

இரா. எழுதியது:

ம. சொல்வதில் பாதி சரி. விடை பழைய பட்டியலிலேயே வந்து அமர்கிறது. ஆனால் வலப்பக்கக் கோவையைக் கணிக்கும்போது n உறுப்புகள் கொண்ட புதிய பட்டியல் ஒன்று உருவாகி, நகலெடுத்த பின்னரே விடுவிக்கப்படுகிறது. நான்கு பைட்டு எண்கள் ஒரு கோடி கொண்ட சி மொழி அணியில் இதையே செய்தால், 40 மெகாபைட்டுக்கு மேல் இன்னொரு 40 மெகாபைட்டு வேண்டியிருக்கும். புரட்டல் முறைக்கு அணி எவ்வளவு பெரிதானாலும் ஒரு தற்காலிக மாறியே போதும். ஆகவே ‘விடை அதே இடத்தில் அமர்வது’, ‘வேலை நடக்கும்போது மிகையிடம் கேளாதது’ என இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ‘தன்னிடம்’ முதலாவதை மட்டுமே உணர்த்துகிறது. பேச்சுவழக்கில் ‘தன்னிடம் உள்ளது’ என்பதையும் நினைவூட்டுகிறது. இரண்டாவதற்கு ‘மிகையிடமிலாச் சுழற்றல்’ என்பேன்.

ஆனால் மிகையிடத்தை முற்றிலும் இழிவாக எண்ணவும் வேண்டாம். மேற்கண்ட வாரத்தில் முதல் மூன்றைத் தனியே எடுத்து வைத்து, நான்கை முன்னே நகர்த்தி, மூன்றையும் கடைசியில் இட்டால் பத்து எழுதல்கள்தான். புரட்டலில் ஆறு இடமாற்றுகள், அதாவது அணிக்குள் மட்டுமே பன்னிரண்டு எழுதல்கள். k ஒன்றோ இரண்டோ ஆக இருக்கும்போது புரட்டுவது வீண் உழைப்பு.

புரட்டும் வரிசையிலும் கவனம் வேண்டும். முழு அணியை முதலில் புரட்டிவிட்டு, பிறகு முதல் k-ஐயும் எஞ்சியதையும் புரட்டினால் சுழற்சி வலப்பக்கம் போய்விடும். ஆறு உறுப்புகளை வைத்து k = 3 என்று சோதிப்பவருக்கு இப்பிழை தெரியவே தெரியாது, ஏனெனில் அங்கே இடமும் வலமும் ஒரே விடையைத் தரும். ஏழு உறுப்புகளை வைத்துச் சோதியுங்கள்.

ந. எழுதியது:

நான் தமிழ்ச் சரங்களைக் கையாளும் நிரல் எழுதுகிறேன். ‘கணினி’யைப் புரட்டினால் இகரக்குறிகள் எழுத்தை விட்டுப் பிரிந்து தாறுமாறாகத் தெரிகின்றன. இந்த முறை தமிழுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

இரா. எழுதியது:

இடைநிலையில் அப்படித் தெரிவது உண்மைதான், ஆனால் அது கெடுதல் அன்று. யூனிகோடில் ‘கணினி’ என்பது க, ண, இகரக்குறி, ன, இகரக்குறி என ஐந்து குறிகள். k = 1 எனில் மூன்றாம் புரட்டுக்குப் பின் ‘ணினிக’ என்று குறிகள் தத்தம் மெய்யோடு ஒழுங்காகவே சேர்ந்துவிடும். k = 2 என்றால்தான் வெட்டு ‘ணி’யின் நடுவே விழுந்து, இகரக்குறி ஆதரவின்றிச் சொல்லின் முதலில் வந்து நிற்கும். அது புரட்டலின் குற்றமன்று; மிகையிடம் வைத்துச் சுழற்றினாலும் k = 2-க்கு அதே விடைதான். குறிகளின் எண்ணிக்கையால் அன்றி எழுத்துகளின் எண்ணிக்கையால் வெட்டுமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

க. எழுதியது:

இரா.வின் பிரிவினையை ஏற்கிறேன். இரண்டு கருத்துகளுக்கும் இரண்டு சொற்கள் வேண்டும். எனினும் ‘மிகையிடமிலா’ நாவில் உருள மறுக்கிறது. முறையின் பெயராக ‘முப்புரட்டு’ எனலாமா என்று பார்த்தேன். ‘புரட்டு’ என்றாலே பொய் என்று படிப்பவர்கள் இருப்பார்களே என்று தயங்குகிறேன். ‘முப்புரட்டல்’ என்றால் அந்த வாடை குறையுமா, செ. அம்மா? வகுப்பில் சொல்லிப் பார்த்துத் தெரிவியுங்கள்.