போஸ்ட்பெய்டு பில்லில் கேட்காத 140 ரூபாய்: எங்கே பார்ப்பது, எவ்வளவு திரும்பக் கேட்பது?

செல்வி_தி: 449 ரூபாய் பிளான். வந்த பில் 815.86. மாத வாடகை 449, கூடுதல் டேட்டா 102.40, "வேல்யூ ஆடட் சர்வீசஸ்" என்று ஒரு கேம்ஸ் பேக்குக்கு 140, அதற்கு மேல் வரி. அந்த பேக்கை யாரும் கேட்கவில்லை. இதில் எதை எதிர்த்துக் கேட்கலாம்?

கணக்குப்பிள்ளை: முதல் பக்கத்தை விட்டுவிட்டு, விவரப் பக்கத்தில் அந்த 140-க்கு எதிரே உள்ள தேதிகளைப் பாருங்கள். ஒரே தேதியில் மொத்தமாக விழுந்ததா, ஏழு நாளுக்கு ஒருமுறை 35 ரூபாயாக விழுந்ததா?

செல்வி_தி: 11, 18, 25, அடுத்த மாதம் 1. நாலும் 35.

கணக்குப்பிள்ளை: அப்படியென்றால் வாரச் சந்தா, தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகிறது. நிறுத்தாவிட்டால் அடுத்த பில்லிலும் வரும். முதலில் 155223 என்ற எண்ணுக்கு STOP என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளின் பட்டியல் பதிலாக வந்தால், அதில் எதை நிறுத்த வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுத்தியாயிற்று என்ற மெசேஜை அழிக்காதீர்கள்.

ராஜா77: அவ்வளவுதான், STOP அனுப்பினால் பணமும் தானாகத் திரும்பி வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை: பாதிதான் சரி, ராஜா. STOP சேவையை நிறுத்தும், போன பணத்தைக் கொண்டுவராது. பணம் பிடித்த 24 மணி நேரத்துக்குள் "நான் கேட்கவில்லை" என்று சொன்னால் திருப்பித் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. போஸ்ட்பெய்டில் பில் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது, அதற்குள் அந்த 24 மணி நேரம் போய்விடுகிறது. அதனால் இங்கே வாதம் வேறு: சந்தா தொடங்க இரண்டு முறை ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கேளுங்கள். எந்த நாள், எந்த நேரம், எந்த வழியில் தொடங்கியது, இரண்டாவது ஒப்புதல் எங்கே? "எனக்குத் தெரியாமல் வந்தது" என்று மட்டும் சொன்னால் "நீங்கள்தான் அழுத்தியிருப்பீர்கள்" என்று முடித்துவிடுவார்கள்.

மீனாட்சி_எம்: என் பிரீபெய்டு நம்பரில் பேலன்ஸ் தினமும் 5 ரூபாய் குறைகிறது. அதுவும் இந்தக் கூடுதல் டேட்டாதானா?

கணக்குப்பிள்ளை: டேட்டாவாக இருந்தால் தினமும் சரியாக 5 குறையாது. அதுவும் சந்தாவாக இருக்கவே வாய்ப்பு. அதே 155223-தான்.

நெட்ஒர்க்_பாலு: இது எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொபைல் டேட்டாவில் ஒரு விளம்பரப் பக்கம் திறந்தால், நம்பரை நாம் தட்டாமலே கம்பெனி வழியாக அந்தப் பக்கத்துக்கு அது தெரிந்துவிடக்கூடும். வைஃபையில் இருந்தால் நம்பரைக் கேட்டாக வேண்டும். திரையில் திடீரென வரும் ஃபிளாஷ் மெசேஜில் "ஓகே" தட்டுவது இன்னொரு வழி. வீட்டில் குழந்தைகள் கேம் ஆடும் போன் என்றால் இரண்டும் நடக்கும்.

செல்வி_தி: அந்த 102.40 சரியா?

நெட்ஒர்க்_பாலு: ஒரு எம்பிக்கு 2 பைசா என்றால் 5 ஜிபிக்கு 5120 எம்பி, 102.40 சரியாக வருகிறது. போன் காட்டும் டேட்டாவோடு ஒத்துப்போகவில்லை என்று சண்டைக்குப் போகுமுன், போனில் டேட்டா கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். போன் ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணும், பில் 8-இலிருந்து 7 வரை ஓடும். செட்டிங்ஸில் பில் தேதியை வைத்தால்தான் இரண்டும் பொருந்தும்.

கணக்குப்பிள்ளை: இப்போது வரி. 449, 102.40, 140 சேர்ந்து 691.40. சிஜிஎஸ்டி 9 சதவீதம் 62.23, எஸ்ஜிஎஸ்டி அதே 62.23. மொத்தம் 815.86. கேம்ஸ் பேக் இல்லாமல் போட்டால் 650.66. ஆக நீங்கள் திரும்பக் கேட்க வேண்டியது 140 இல்லை, 165.20. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த பில்லில் "அட்ஜஸ்ட்மென்ட்" 140 என்று வந்தால், அது ஜிஎஸ்டி போடும் இடத்துக்கு மேலே கழிந்திருக்கிறதா, கீழேயா என்று பாருங்கள். மேலே கழிந்தால் வரியும் குறையும். கீழே வெறும் 140 மட்டும் கழிந்தால் 25.20 உங்கள் கையை விட்டுப் போயிற்று.

ராஜா77: அதுவரை 650.66 மட்டும் கட்டினால் போதாதா?

கணக்குப்பிள்ளை: புகார் எண் வாங்கிவிட்டு, மீதம் தகராறில் இருப்பதாக எழுத்தில் சொல்லிவிட்டுக் கட்டலாம் என்பது என் கருத்து. பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம்.

நெட்ஒர்க்_பாலு: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பில்லிங் சிஸ்டம் தகராறைப் பார்க்காது, பாக்கியைத்தான் பார்க்கும். தாமதக் கட்டணம் ஏறும், அதற்கும் 18 சதவீத வரி. வங்கி ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்கு வருகிறது என்றால் முழுசாகக் கட்டிவிட்டுக் கேட்பதுதான் நல்லது.

செல்வி_தி: STOP அனுப்பினேன். பட்டியலில் இரண்டு சேவை காட்டுகிறது. கேம்ஸ் ஒன்று, இன்னொன்று ஜோதிடம். அது இந்த பில்லில் இல்லவே இல்லை.

கணக்குப்பிள்ளை: 7-ஆம் தேதிக்குப் பிறகு தொடங்கியிருக்கும், அடுத்த பில்லில் வரும். ஜோதிடத்துக்குப் பணம் பிடித்ததாக எஸ்எம்எஸ் எப்போது வந்தது என்று தேடுங்கள். 24 மணி நேரம் ஆகவில்லை என்றால் இப்போதே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.