தோள்பட்டையைக் கிள்ளியபோது கூடிய இரண்டு புள்ளிகள்

இரவுப்பணி மருத்துவர்:

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது கேஷுவல்ட்டியில் நடந்தது இது. சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரை இரவு 9.40 மணிக்குக் கொண்டுவந்தார்கள். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் காலர் போட்டு, இடது முன்கையில் ஊசி ஏற்றிக் கட்டியிருந்தார்கள். உடன் வந்த கடிதத்தில் "ஜிசிஎஸ் 8" என்று மட்டும் இருந்தது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றுக்கும் தனித்தனியாகப் போட்டு 15க்குக் கூட்டும் கிளாஸ்கோ நினைவுநிலை மதிப்பெண் அது; எது எத்தனை என்று பிரித்து எழுதப்படவில்லை. சர்க்கரை 118, மூச்சு சீராக இருந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்; கண் திறக்கவில்லை. இடது கையில் கட்டு இருந்ததால் வலது கை விரலின் நகக்கண் ஓரத்தில் பேனாவை வைத்து மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்டினேன். கண் திறந்தது, முனகல் வந்தது, வலது கை மெல்ல மடங்கி நெஞ்சின் குறுக்கே வந்து அப்படியே நின்றது. கண்ணுக்கு 2, பேச்சுக்கு 2, அசைவுக்கு 3 என்று போட்டு, மொத்தம் 7 என எழுதினேன்.

சீனியர் அக்கா வந்து தாளைப் பார்த்துவிட்டு, "இன்னொரு கை எங்கே?" என்று கேட்டார். பிறகு வலது பக்கம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் பிடித்து முறுக்கினார். நோயாளியின் இடது கை, கட்டோடு சேர்ந்து, காறை எலும்பைத் தாண்டி மேலே வந்து அவருடைய விரல்களைத் தட்டிவிட்டது. வலிக்கும் இடத்தைத் தேடி வந்த கை அது; எனவே அசைவு 5, மொத்தம் 9. அடியில் அவர் தனியாக ஒரு வரி எழுதினார்: "வலது கை: இயல்பற்ற மடக்கம்."

மதிப்பெண்ணுக்கு நல்ல பக்கத்தையும், கோளாறு எங்கே என்று தேடுவதற்கு மோசமான பக்கத்தையும் எடுக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒரே ஒரு கையைச் சோதித்து, அதை முழு மனிதனின் மதிப்பெண்ணாக எழுதியிருந்தேன்.

10.20 மணிக்கு மறுபடி பார்த்தபோது அழுத்தினாலும் கண் திறக்கவில்லை. இடது கண்மணி 5 மில்லிமீட்டராக விரிந்து, டார்ச் ஒளிக்கு மந்தமாகவே சுருங்கியது. வலது 3 மில்லிமீட்டர்தான். உடனே மூச்சுக்குக் குழாய் போட்டு சி.டி.க்கு அனுப்பினோம். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவே இரத்தம் கட்டியிருந்தது. நள்ளிரவுக்குள் அறுவை சிகிச்சை நடந்தது. எட்டாம் நாள் அவர் தட்டுத்தடுமாறிப் பேசினார். வலது கைப்பிடி மட்டும் இன்னும் தளர்வாக இருந்தது.

இறுதியாண்டு மாணவர்:

சார், 8 அல்லது அதற்குக் கீழே என்றால் குழாய் போட வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அப்படியானால் நீங்கள் 7 என்று எழுதிய உடனேயே போட்டிருக்க வேண்டும் அல்லவா? இன்னொன்று, நாங்கள் மார்பெலும்பின் மேல் முஷ்டியால் தேய்த்துத்தான் பார்க்கிறோம். நகக்கண்ணை அழுத்துவதைவிட அது நம்பகமானது என்று நினைக்கிறேன்.

நரம்பியல் முதுநிலை மருத்துவர்:

தம்பி, தலைக்காயத்தில் அந்த 8 ஒரு நல்ல எச்சரிக்கைக் கோடுதான், மறுக்கவில்லை. ஆனால் வலிப்பு முடிந்து பத்து நிமிடம் ஆன ஒருவரும், சர்க்கரை குறைந்த ஒருவரும் 8க்குக் கீழே இருந்து, சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாறாக, 10 உள்ளவர் வாந்தி எடுத்துக்கொண்டும், இரும முடியாமலும் இருந்தால் அவருக்குக் குழாய் தேவைப்படலாம்.

மார்பெலும்பைத் தேய்ப்பதில் ஒரு குழப்பம் உண்டு. கை தானாக மடங்கினாலே அது மார்புக்குத்தான் வந்து சேரும். அது வலியைத் தேடி வந்ததா, வெறுமனே மடங்கியதா என்று பார்ப்பவரால் பிரிக்க முடியாது. 3க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு அங்கே கரைந்துவிடும். அதனால்தான் தோள் தசையிலோ, புருவ எலும்பின் உட்பக்கக் குழிவிலோ அழுத்தி, கை காறை எலும்புக்கு மேலே வருகிறதா என்று பார்க்கிறோம். கண்குழி எலும்பு உடைந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் புருவத்தைத் தொடக்கூடாது. அங்கே அழுத்தும்போது முகம் சுளித்துக் கண் இறுக மூடிக்கொள்ளும் என்பதால், கண் திறப்பைச் சோதிக்கவும் அது உதவாது.

4ஐயும் 3ஐயும் பிரிப்பதில் எனக்கே சில இரவுகளில் தயக்கம் வரும். வெடுக்கென்று, ஒவ்வொரு முறையும் சற்று வேறாக, உடலைவிட்டு விலகி மடங்கினால் 4 கொடுப்பேன். மெதுவாக, ஒரே மாதிரியாக, கட்டைவிரல் உள்ளே மடங்க, நெஞ்சின் குறுக்கே வந்தால் 3. டீஸ்டேலும் ஜெனட்டும் 1974ல் கிளாஸ்கோவிலிருந்து இந்த அளவுகோலை வெளியிட்டபோது அசைவுக்கு ஐந்து படிகள்தான் வைத்திருந்தார்கள். மடக்கத்தை இரண்டாகப் பிரித்தது பிறகு வந்தது. அந்தப் பிரிவில்தான் இன்றும் இரண்டு மருத்துவர்கள் இரண்டு எண் போடுகிறார்கள்.

ஓர் ஆசிரியரின் மகள்:

என் அப்பாவுக்குச் சென்ற ஆண்டு 15க்கு 6 என்று சொன்னார்கள். நாற்பது சதவீத மூளைதான் வேலை செய்கிறது என்று நினைத்து அழுதுவிட்டோம். வலது கையும் காலும் அசையவில்லை, பக்கவாதம் என்றார்கள். பிறகு ஒரு செவிலியர் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 28. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் சிறிது நேரத்தில் கண் திறந்து, "பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்றா?" என்று கேட்டார். கையும் காலும் அசைந்தன. மூளையில் பாதிப்பு ஏதும் மிஞ்சியிருக்குமா?

நரம்பியல் முதுநிலை மருத்துவர்:

அம்மா, இது சதவீதக் கணக்கு அல்ல. ஒன்றுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. சர்க்கரை குறைந்தால் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்து பக்கவாதம் போலவே தோன்றலாம். உங்கள் அப்பா நேரத்தோடு மீண்டுவிட்டதாகவே தெரிகிறது. சர்க்கரை மாத்திரையின் அளவையும் சிறுநீரகத்தையும் மருத்துவர் பார்த்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்:

எங்கள் வார்டில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவருக்கு, புரியாத ஒலிகள் மட்டும் என்று பேச்சுக்கு 2ம், சொன்னதைச் செய்யவில்லை என்று அசைவுக்கு 5ம் இரண்டு ஷிப்டுகளாக எழுதிக்கொண்டிருந்தோம். அவருடன் வேலை செய்யும் பையன் பார்வை நேரத்தில் வந்தபோதுதான், அவர் ஒடியாவில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அதிலிருந்து, நானே நாக்கை நீட்டிக் காட்டி, அதேபோல் செய்யச் சொல்கிறேன். "கையைப் பிடி" என்று மட்டும் சொல்லி 6 போடுவதையும் நிறுத்திவிட்டேன். உள்ளங்கையில் விரலை வைத்தாலே அனிச்சையாகப் பிடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்த பிறகு "விடு" என்றால் விடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

குழாய் போட்டவருக்குப் பேச்சில் 1 என்று எழுதி மொத்தம் கூட்டுவதுதான் எனக்குத் தீராத சண்டை. பேச முடியாதவரும் பேசாதவரும் ஒன்றல்ல. சோதிக்க இயலவில்லை என்று எழுதி, மொத்தத்தை விட்டுவிட்டால், ரவுண்ட்ஸில் "டோட்டல் எங்கே சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள்.

இறுதியாண்டு மாணவர்:

அப்படிப்பட்டவர்களுக்கு 2005ல் வந்த ஃபோர் அளவுகோலைப் பயன்படுத்தலாமே? அதில் பேச்சே இல்லை. கண்மணியும் மூச்சும் இருக்கின்றன.

தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்:

பயன்படுத்தலாம், டாக்டர். நான் ஒரு வாரம் எழுதியும் பார்த்தேன். அடுத்த ஷிப்டில் வந்தவர் அதையும் 15க்கு என்று நினைத்துப் படித்துவிட்டார், அது 16க்கு. அதனால் இப்போது கண், அசைவு, இரண்டு கண்மணிகளின் அளவு, இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

இரவுப்பணி மருத்துவர்:

இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தால் என்ன செய்கிறீர்கள், சிஸ்டர்? நேற்று அப்படி ஒருவர் வந்தார். குடித்திருக்கிறார் என்றும் உறவினர்கள் சொன்னார்கள். அசைவு 5 என்பதைத் தவிர என் தாளில் எழுத ஒன்றும் இல்லாமல் சி.டி.க்கு அனுப்பினேன்.