'டிட்' எங்கே வரும், எங்கே வராது?

தேயிலைக்காடு (கோத்தகிரி)

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்புத் தேர்வில் "கண்ணாடியை யார் உடைத்தது?" என்பதை "ஹூ டிட் பிரேக் தி கிளாஸ்?" என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று சிவப்புக் கோடு. அடுத்த கேள்வி, "நீ என்ன உடைத்தாய்?" அதற்கு "வாட் யூ ப்ரோக்?" என்று எழுதியிருக்கிறாள். அதற்கும் கோடு, அங்கே 'டிட்' போட்டிருக்க வேண்டுமாம். ஒரு இடத்தில் போட்டால் தப்பு, இன்னொரு இடத்தில் போடாவிட்டால் தப்பு. இது என்ன கணக்கு?

மலைரயில்

அம்மா, நான் குன்னூரில் பல வருடம் டியூஷன் எடுத்தவன். என் பிள்ளைகளுக்குச் சொன்ன வழி இதுதான்: கேள்வியைத் தமிழில் எழுதுங்கள், கேள்விச் சொல்லின் வாலைப் பாருங்கள். நம் ஊரில் பைசன் நாயைத் துரத்துவது புதிதல்ல, அதையே எடுத்துக்கொள்வோம்.

"எது நாயைத் துரத்தியது?" என்று கேட்டால் 'எது' வெறுமனே நிற்கிறது. ஆகவே "வாட் சேஸ்ட் தி டாக்?" 'டிட்' கிடையாது.

"பைசன் எதைத் துரத்தியது?" என்று கேட்டால் 'எதை'யில் ஐ ஒட்டியிருக்கிறது. ஆகவே "வாட் டிட் தி பைசன் சேஸ்?"

தமிழில் அந்த ஐ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல்லின் இடம்தான் செய்ய வேண்டும். இரண்டு கேள்வியிலும் அதே 'வாட்' முன்னால் வந்து நின்றுவிடுகிறது, யார் யாரைத் துரத்தியது என்பதை மீதி வரிசைதான் சொல்கிறது. ஐ வந்தால் டிட், வராவிட்டால் வேண்டாம். அவ்வளவுதான்.

ஹேர்பின்36

கல்லட்டி மலைப்பாதையில் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். வெளிநாட்டுக்காரர்களிடம் "வேர் யூ ஆர் கோயிங்?" என்றுதான் இன்றுவரை கேட்கிறேன். ஒருவரும் தவறான இடத்தில் இறங்கியதில்லை. இதற்காகப் பிள்ளையை ஏன் வதைக்கிறீர்கள்?

குறிஞ்சி12

அண்ணா, உங்கள் வண்டியில் ஏறுபவருக்குப் புரிவது உண்மைதான். அந்தக் கேள்வியில் குழம்ப வழியே இல்லை. போகிறவர் அவர், கேட்பது இடம். பைசனும் நாயும் அப்படியில்லை. "வாட் தி பைசன் சேஸ்ட்?" என்றால் வெள்ளைக்காரர் ஒரு நொடி விழிப்பார்.

மலைரயில் சாரின் வால் சோதனையோடுதான் எனக்குச் சண்டை. முதலில், அந்தப் பிள்ளையின் தாளிலேயே அது உடைகிறது. "நீ என்ன உடைத்தாய்?" இதில் ஐ எங்கே? உயிரில்லாப் பொருளுக்கு நாம் பல நேரம் ஐ போடுவதில்லை, ஆனாலும் 'டிட்' வேண்டும்.

இதைவிடப் பெரிய பள்ளம் 'கு'வில் இருக்கிறது. "உனக்கு எது பிடிக்கும்?" இங்கே 'எது' வெறுமனே நிற்கிறது. சார் சொன்னபடி எழுதினால் "வாட் லைக்ஸ் யூ?" என்று வரும், உன்னை எது விரும்புகிறது என்று அர்த்தமாகிவிடும். மறுபக்கம் பாருங்கள்: "யாருக்கு டீ வேண்டும்?" 'யாருக்கு' என்று வால் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் "ஹூ வான்ட்ஸ் டீ?", நடுவில் எதுவும் நுழையாது. பிடிக்கும், வேண்டும், தெரியும், பசிக்கும் என்று வரும் இடமெல்லாம் நம் 'எனக்கு' ஆங்கிலத்தில் 'நான்' என்று பொருள்படும் 'ஐ' ஆகிவிடுகிறது. அதனால் தமிழ் வால் அங்கே பொய் சொல்லும்.

நான் செய்யச் சொல்வது வேறு. முதலில் பதிலை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். "ராஜா வான்ட்ஸ் டீ." கேட்கப்படுவது ராஜா. அவன் வாக்கியத்தின் தலையிலேயே இருக்கிறான். அவன் இடத்தில் 'ஹூ'வை வைத்தால் கேள்வி முடிந்தது. நகர்த்த எதுவும் இல்லாதபோது வினையைத் தொட வேண்டியதில்லை. "ராஜா ப்ரோக் தி கிளாஸ்" என்பதும் அப்படித்தான். ஆனால் "யூ ப்ரோக் தி கப்" என்பதில் கேட்கப்படும் 'கப்' கடைசியில் கிடக்கிறது. அதை இழுத்து முன்னால் போடும்போதுதான் எழுவாய்க்கு முன் ஒரு துணைவினை வந்து நிற்க வேண்டும். ஆர், இஸ், கேன், வில் இருந்தால் அதுவே தாண்டி வரும். சாதாரண வினை தாண்டாது, அதனால் 'டூ', 'டிட்' என்று ஒன்றைக் கூலிக்குப் பிடிக்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் வினையே தாண்டியதும் உண்டு, "வாட் சே யூ?" என்பது அதன் மிச்சம்.

மலைரயில்

'கு' விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவேன். ஆனால் ஆங்கிலப் பதிலை எழுதத் தெரிந்த பிள்ளைக்குத்தான் உங்கள் வழி. அது தெரியாத பிள்ளைக்கு வால்தான் கைப்பிடி.

பனிமூட்டம்

இரண்டு பேரும் பிள்ளையைத் தமிழிலேயே சுற்ற வைக்கிறீர்கள். எல்லாத் தவறுக்கும் மூலம் தமிழில் யோசிப்பதுதான். என் ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கும் பையன் "ஐ டோன்ட் நோ வேர் இஸ் தி கீ" என்கிறான். தமிழை விட்டால்தான் இது போகும்.

குறிஞ்சி12

அந்த ஒரு தவறுக்குத் தமிழ் மேல் பழி போடாதீர்கள். "சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை" என்பதில் நாம் எதையும் புரட்டுவதில்லை. ஆங்கிலத்திலும் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் "வேர் தி கீ இஸ்" என்று பழைய வரிசைக்கே திரும்பிவிடும். அந்தப் பையன் தமிழில் யோசித்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பான். 'இஸ்'ஸை முன்னால் போடு என்று யாரோ அடித்துச் சொல்லிக்கொடுத்ததால்தான் எல்லா இடத்திலும் போடுகிறான்.

பனிமூட்டம்

ஒரு பையனை வைத்துச் சட்டம் போடாதீர்கள். கேட்டுக் கேட்டுப் பழகியவன் யாரும் இந்தத் தவறைச் செய்வதில்லை.

தேயிலைக்காடு (கோத்தகிரி)

பதிலை முதலில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தில் நான்கு சரி. ஒன்றில் "வாட் டிட் தி பைசன் சேஸ்ட்?" என்று எழுதினாள்.

குறிஞ்சி12

அது எல்லோரும் விழும் குழி. இறந்தகாலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டது, இனி 'சேஸ்' மீது அது இருக்கக் கூடாது. தாளில் 'டிட்' எழுதியவுடன் வினையின் 'ட்'டை அடிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கை பழகும்.

மலைரயில்

ஒரு சந்தேகம். "நீயும் உடைக்கவில்லை, அவனும் உடைக்கவில்லை, பிறகு யார்தான் உடைத்தது?" என்று அழுத்திக் கேட்டால் "ஹூ டிட் பிரேக் இட், தென்?" என்பார்களே? அப்படியானால் பிள்ளை எழுதியது முழுத் தவறா?

குறிஞ்சி12

அழுத்தம் கொடுத்துச் சொன்னால் வரும். தேர்வுத் தாளில் அந்த அழுத்தத்துக்குக் காரணம் இல்லை. அரை மதிப்பெண் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம், திருத்தியவர் எண்ணம் வேறாக இருக்கலாம்.

ஹேர்பின்36

நான் ஒன்று கேட்கிறேன். இலை எடை போடும் இடத்தில் என் மனைவி தினமும் கேட்பது: "யார் பறித்த இலையை எடை போட்டீர்கள்?" இதில் 'யார்' தலையில்தான் இருக்கிறது. அப்படியே போட்டால் போதுமா?

குறிஞ்சி12

அண்ணா, அந்த 'யார்' எடை போட்டவர் அல்ல, பறித்தவர். 'பறித்த' என்ற சொல்லோடு சேர்ந்து இலைக்குள் ஒட்டியிருக்கிறது. தமிழ் அதை அங்கேயே வைத்துக் கேட்கும். ஆங்கிலத்தில் அதை அங்கிருந்து பிடுங்கி முன்னால் கொண்டுவர வழியே கிடையாது. கேள்வியையே திருப்பிக் கட்ட வேண்டும்: "ஹூ பிளக்ட் தி லீஃப் யூ வெய்ட்?"

தேயிலைக்காடு (கோத்தகிரி)

மகளிடம் காட்டினேன். "இதில் 'டிட்' வராது, 'ஹூ' தலையில் இருக்கிறது" என்று அவளே சொல்லிவிட்டாள். 'வெய்ட்'டின் கடைசியில் ஏன் 'ட்' இருக்கிறது, அதையும் அடிக்கட்டுமா என்று கேட்கிறாள்.

குறிஞ்சி12

வேண்டாம். அங்கே 'டிட்' இல்லையே, இறந்தகாலம் அதன் மேல்தான் இருக்க வேண்டும்.